பிளானில் ஐந்து எழுத்தை மாற்ற மூன்று இரவுகள்

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் தரைத்தளப் பிளானில் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு STORE என்று பெயர். பூஜை அறையை அங்கே மாற்றிக்கொள்வதாக நாங்கள் முடிவு செய்து மாதம் ஒன்றாகிவிட்டது. மேஸ்திரிக்கும் சொல்லியாயிற்று. ஆனால் சுவரில் ஒட்டியிருந்த பிளானில் பெயர் பழையபடியே இருந்தது. புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்து ஒரே ஒரு லைட் பாயிண்ட் மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட்டால், "ஸ்டோர்னுதான சார் போட்டிருக்கு?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

வரைந்து கொடுத்த டிராஃப்ட்ஸ்மேனிடம் மூலக் கோப்பு இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம். என்னிடம் இருந்தது அவர் கொடுத்த ஏ3 பிரிண்ட் ஒன்றுதான். அனுமதி வாங்கி முத்திரை விழுந்த பிளான் தனியாகப் பத்திரமாக இருக்கிறது, அதில் கை வைக்கும் பேச்சே இல்லை. நான் மாற்ற நினைத்தது வேலை இடத்தில் ஒட்டும் நகலை மட்டும். பேனாவால் அடித்து எழுதியிருந்தால் ஒரு நிமிட வேலை. அந்த அறையில் பேனாவால் ஏற்கெனவே மூன்று கிறுக்கல்கள் இருந்தன, எது கடைசி என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கணினிக்குப் போனேன்.

சிக்கல் என்னவென்றால், STORE என்ற எழுத்துகளின் நடு வயிற்றில் ஒரு புள்ளிக்கோடு ஓடியது. அது மேலே வரும் பரணின் விளிம்பு. எழுத்தை அழித்தால் கோடும் போகும். கோடு போனால் பரண் எங்கே முடிகிறது என்பது சென்ட்ரிங் போடுகிறவருக்குத் தெரியாது. கீழே வலது மூலையில் 5 மீட்டர் நீளத்தைக் காட்டும் ஸ்கேல் பார் வேறு. அளவு எழுதாத சில இடங்களை, உதாரணமாகச் சுவரில் வரும் மாடக்குழியை, மேஸ்திரி ஸ்கேல் வைத்துத்தான் அளக்கிறார். ஆகவே படத்தின் அளவு ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது.

முதல் இரவு வீணாகப் போனது. மச்சான் போனில் எப்போதோ படமாக அனுப்பி வைத்திருந்த பிளானையே எடுத்து வேலையை ஆரம்பித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எழுத்தை அழித்து, புதிய எழுத்தைப் போட்டு, பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் புள்ளிக்கோட்டின் பாதி இடம் காகிதத்தில் இல்லவே இல்லை. அப்புறம்தான் படத்தின் அளவைப் பார்த்தேன்: நீளப் பக்கம் 1600 பிக்சல். ஏ3 தாளை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலாக, ஸ்கேன் செய்தால் நீளப் பக்கம் 4961 பிக்சல் வரும். மெல்லிய கோடுகள் ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர், அதாவது 300 டிபிஐ-யில் 2 பிக்சல். படத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் கோட்டுக்கு முக்கால் பிக்சல்கூடக் கிடைக்காது. கறுப்பு கோடு வெளிறிய சாம்பலாகிவிடும். திரையில் கண் அதைக் கோடாகச் சேர்த்துக்கொள்கிறது, லேசர் பிரிண்டர் அப்படிச் சேர்த்துக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு அது ஜேபெக். ஒவ்வொரு கோட்டைச் சுற்றிலும் அழுக்குப் படிந்தது போல 8க்கு 8 கட்டங்களாகக் கறை. அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டேன்.

மறுநாள் ஏ3 ஸ்கேனர் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போய் 40 ரூபாய் கொடுத்து ஸ்கேன் எடுத்தேன். கடைக்காரர் வழக்கம்போல "பிளாக் அண்ட் ஒயிட்" வைக்கப் போனார், நிறுத்தி கிரேஸ்கேல் கேட்டேன். கறுப்பு-வெள்ளை என்றால் ஒவ்வொரு பிக்சலும் ஒன்று கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. மெல்லிய கோடு வெள்ளைப் பக்கம் தள்ளப்பட்டால் அங்கங்கே அறுந்துபோகும். 300 டிபிஐ, கிரேஸ்கேல், பிஎன்ஜி. இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனது நல்லதாயிற்று. வாயால் சொல்லியிருந்தால் அங்கிருந்த கூட்டத்தில் ஒன்றாவது தவறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து எதையும் தொடுவதற்கு முன்னால் செய்த ஒரே உருப்படியான காரியம், கோப்பை இரண்டாக்கி ஒன்றுக்கு `asal.png` என்று பெயர் வைத்ததுதான். மற்றது `vela.png`. பிறகு கிம்ப் மென்பொருளில் அளவு பார்க்கும் கருவியால் ஸ்கேல் பாரை அளந்தேன். 1:100-ல் 5 மீட்டர் என்றால் காகிதத்தில் 50 மில்லிமீட்டர், 300 டிபிஐ-யில் கணக்குப்படி 591 பிக்சல். எனக்கு 590 வந்தது. ஸ்கேனரின் பிசகு ஒரு பிக்சல், அதாவது நிஜத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. அதை விட்டுவிட்டேன். 590 என்ற எண்ணை மட்டும் சீட்டில் குறித்துக்கொண்டேன். கடைசியிலும் அதே 590 வர வேண்டும்.

இரண்டாவது இரவு இரண்டு தப்பு செய்தேன்.

முதலாவது, தாள் ஸ்கேனரில் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. இடமிருந்து வலமாக 1000 பிக்சல் போனால் கோடுகள் 7 பிக்சல் கீழே இறங்கின. 0.4 டிகிரி. கண்ணை உறுத்தியது, நிமிர்த்திவிடலாம் என்று படம் முழுவதையும் சுழற்றினேன். நிமிர்ந்தது. ஆனால் 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோது 2 பிக்சல் கோடுகள் எல்லாம் 3, 4 பிக்சல் அகலத்தில் வெளிறிப் போய்க் கிடந்தன. சுழற்றும்போது ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து மறுபடி கணக்கிடப்படுகிறது. தடித்த சுவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மெல்லிய கோட்டுக்கு நடுப்பகுதி என்று ஒன்று இல்லாததால் முழுக்கோடும் விளிம்பாகவே கரைகிறது. திரும்பப் பழைய நிலைக்குப் போனேன். ஐந்து எழுத்துக்காக மொத்தப் பிளானையும் சுழற்றுவது எவ்வளவு அபத்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. கோணலோடு இருக்கட்டும், வருகிற எழுத்தும் அதே கோணலோடு வரட்டும்.

இரண்டாவது, வெள்ளைத் தூரிகையால் STORE-ஐ அழித்துவிட்டுக் கோட்டைக் கையால் வரையப் பார்த்தேன். ஸ்கேன் செய்த காகிதம் வெள்ளை அல்ல. 0 கறுப்பு, 255 வெள்ளை என்றால் என் தாள் 238-க்கும் 246-க்கும் இடையே மணல்போல இறைந்திருந்தது. அதன் நடுவில் சுத்தமான 255 வெள்ளைத் திட்டு, பிரிண்டில் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் தெரிந்தது. தூரிகையின் விளிம்பு மென்மையாக வேறு இருந்ததால் இடது சுவரின் கோட்டைக் கொஞ்சம் கடித்துவிட்டது. கையால் வரைந்த புள்ளிக்கோடோ மற்றக் கோடுகளைவிடக் கறுப்பு, விளிம்பும் கத்தி போல. நிழலே இல்லாத ஆளை ஃபோட்டோவில் ஒட்டியது மாதிரி அது தனியாகத் தெரிந்தது. மென்பொருளில் காயம் ஆற்றும் கருவி ஒன்று உண்டு, `Heal` என்று பெயர். அதையும் முயன்றேன். முகத்துப் பருவுக்குச் சரி. கோட்டின் மேல் தேய்த்தால் கோட்டைச் சேறாக்குகிறது.

மூன்றாவது இரவுதான் வழி தெரிந்தது. அழித்துவிட்டு வரைவதற்குப் பதிலாக, அதே கோட்டின் நல்ல துண்டு ஒன்றைக் கொண்டுவந்து எழுத்தின் மேல் மூடிவிட்டால்? காகிதத்தின் மணலும் கோட்டின் மங்கலும் எல்லாமே அசலாக இருக்கும்.

அந்த அறை 10 அடி அகலம், படத்தில் 360 பிக்சல். STORE எழுத்து நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி இருந்தது. ஏன் அப்படி வைத்தார் என்பது அந்த டிராஃப்ட்ஸ்மேனுக்குத்தான் வெளிச்சம், ஆனால் அது எனக்கு வசதியாகப் போயிற்று. எழுத்தின் மொத்த அகலம் 124 பிக்சல், உயரம் 24. அதற்கு வலப்பக்கம் புள்ளிக்கோடு தொந்தரவில்லாமல் ஓடியது. அங்கிருந்து 132 பிக்சல் அகலம், 32 பிக்சல் உயரத்துக்கு ஒரு துண்டு எடுத்தால் போதும், எழுத்து முழுதும் மூடும்.

ஆனால் புள்ளிக்கோடு என்பதால் துண்டை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. ஒரு கீற்று, ஓர் இடைவெளி, ஒரு கீற்று என்ற தாளம் இரண்டு முனையிலும் பொருந்த வேண்டும். கீற்று 3 மில்லிமீட்டர், இடைவெளி 1 மில்லிமீட்டர். சேர்த்து 47 பிக்சல் என்று அளந்தேன். மூன்று தாளம் நகர்த்தினால் 141 என்று கணக்குப் போட்டு நகர்த்தினேன். இடது முனையில் ஒரு கீற்று ஒரு பிக்சல் நீண்டுவிட்டது. காரணம் எளிது, 4 மில்லிமீட்டர் என்பது சரியாக 47 அல்ல, 47.24. ஒன்றை அளந்து மூன்றால் பெருக்கினால் பிசகும் மூன்றால் பெருகுகிறது. மூன்று தாளத்தையும் சேர்த்து ஒரே அளவாக அளந்தபோது 142 வந்தது, அதில் அச்சாகப் பொருந்தியது.

இங்கேதான் கோணலும் கணக்கில் சேர்கிறது. 1000-க்கு 7 இறக்கம் என்றால் 142-க்கு ஒரு பிக்சல். துண்டை இடப்பக்கம் 142 நகர்த்தும்போது மேலே ஒன்று ஏற்ற வேண்டும். ஏற்றாமல் வைத்துப் பார்த்தேன், கோட்டில் படிக்கட்டுபோல ஒரு சின்ன முட்டு. ஏற்றியதும் மறைந்தது. தேர்வுக் கருவியில் `Feather edges`, `Antialiasing` இரண்டையும் நிறுத்தி வைத்திருந்தேன். வெட்டும் விளிம்பு மங்கலானால் ஒட்டும் இடத்தில் கோடு வெளுக்கும். நகர்த்துவதையும் அம்புக்குறி விசையால் முழுப் பிக்சலாகவே செய்தேன். முழுப் பிக்சலாக நகரும் வரை படம் மறுபடி கணக்கிடப்படாது, துண்டு வந்தது வந்தபடியே உட்காரும்.

STORE மறைந்தது. பரண் கோடு எழுத்தே அதன்மேல் என்றும் இருந்ததில்லை என்பதுபோல் ஓடியது. அந்த ஒரு காட்சிக்காக மனைவியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். "நல்லா இருக்கு, லைட்டை அணைச்சிட்டுப் படுங்க" என்றாள்.

அடுத்தது எழுத்து. என் கணினியில் இருக்கும் எந்த எழுத்துருவும் பிளான் எழுத்துக்குப் பொருந்தாது. பழைய பிளான்களில் எழுத்துகள் ஒற்றைக் கோட்டால் ஆனவை, பேனா முனையின் அகலம்தான் எழுத்தின் தடிமன். சாதாரண எழுத்துருவை அதே உயரத்துக்குக் கொண்டுவந்தால் குண்டாகத் தெரியும். ஆகவே எழுத்துகளையும் அதே தாளிலிருந்தே கடன் வாங்கினேன். P-யும் ஒரு O-வும் PORTICO-விலிருந்து, இன்னொரு O TOILET-இலிருந்து, A WASH AREA-விலிருந்து. ஒரே O-வை இரண்டு முறை ஒட்டினால் இரட்டைப் பிள்ளை மாதிரி தெரியும் என்று இரண்டு இடத்தில் எடுத்தேன். எல்லாமே 24 பிக்சல் உயர எழுத்துகள்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். HALL-இன் A கண்ணுக்கு அழகாக இருந்தது, ஆனால் பெரிய அறைகளின் பெயர்கள் உயரம் கூடுதல். அதைச் சுருக்கினால் கோடு மெலியும். கடன் வாங்கிய எழுத்துகள் எல்லாம் ஏற்கெனவே அதே 0.4 டிகிரி கோணலோடு இருந்தது எதிர்பாராத லாபம்.

STORE-இன் மூன்றாம் எழுத்தும் O, POOJA-வின் மூன்றாம் எழுத்தும் O. அதை மட்டும் அப்படியே விட்டிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் அதன் குறுக்கேதான் கோடு ஓடியது. புதிய பெயரைக் கோட்டுக்கு மேலே 34 பிக்சல் தள்ளி வைப்பதாக முன்பே முடிவு செய்திருந்தேன். எழுத்தும் கோடும் மறுபடி ஒன்றையொன்று மிதிக்க வேண்டியதில்லை.

J-தான் தண்ணி காட்டியது. பிளான் முழுக்கத் தேடினேன், ஒரு J கூட இல்லை. மனைவி POOJA-வைப் PUJA என்று எழுதச் சொன்னாள், அதிலும் J இருக்கிறது என்பதைக் கவனிக்காமல். கடைசியில் UTILITY-யின் U-வை எடுத்தேன். U-வின் இடது காலை மேலிருந்து 17 பிக்சல் வெட்டினால் மிச்சம் இருப்பது வலது கால், அடி வளைவு, இடப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி. அதுதானே J? வெட்டிய முனை மட்டும் கொஞ்சம் கூராக நின்றது. அந்த முனையில் ஒரு பிக்சலைச் சாம்பலாக்கியதும் மற்ற எழுத்து முனைகளோடு சேர்ந்துவிட்டது. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒவ்வொரு எழுத்தும் தன் காகிதத் துண்டோடு வருகிறது அல்லவா, அந்தத் துண்டின் செவ்வகம் தெரியாமல் இருக்க இரண்டு வேலை. முதலில் `Levels` பெட்டியில் வெள்ளை முனையை 225-க்கு இழுத்தேன், துண்டின் காகிதம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. பிறகு அந்தத் துண்டு இருக்கும் அடுக்கின் முறையை `Darken only` என்று மாற்றினேன். மேலே இருப்பது, கீழே இருப்பது இரண்டில் எது கறுப்போ அது மட்டும் தெரியும் என்பது அதன் விதி. எழுத்தின் மை நிற்கும், வெள்ளைக் காகிதம் காணாமல் போகும், அடியில் இருக்கும் தாளின் மணல் அப்படியே தெரியும். எழுத்துக்கு எழுத்து 26 பிக்சல் தள்ளி வைத்தேன். கடைசி இரண்டு எழுத்தையும் ஒரு பிக்சல் கீழே இறக்கினேன், அது கோணலுக்கான கப்பம்.

அடுக்குகளைச் சேர்த்து பிஎன்ஜி-யாக ஏற்றுமதி செய்தேன். இப்போது வேறு எதையும் தொடவில்லை என்று எப்படித் தெரியும்? கண்ணை நம்பவில்லை. இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் பழையதையும் புதியதையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மாறிய பிக்சல்கள் எல்லாம் அடங்கும் பெட்டியைக் கேட்டேன்:

```
magick asal.png vela.png -compose difference -composite -threshold 0 -format "%@" info:
```

வந்த பதில் `896x1502+2880+1634`. பகீரென்றது. நான் தொட்ட இடம் 132க்கு 62 பெட்டிதான். 2880-இல் தொடங்கி 896 போனால் 3776, 1634-இல் தொடங்கி 1502 போனால் 3136. அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஸ்கேல் பாரின் வெள்ளைக் கட்டத்துக்குள் மிளகளவு கறுப்புப் புள்ளி. படத்தை நகர்த்தும்போது பென்சில் கருவி கையில் இருந்திருக்கிறது, எப்போதோ ஒரு கிளிக் விழுந்திருக்கிறது. எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அங்கேயே. அசலிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அதே இடத்தில் வைத்து மறுபடி ஓட்டினேன். `132x62+2880+1634`. ஸ்கேல் பார் அதே 590.

பிரிண்ட் எடுக்கும் முன் இன்னொன்றையும் பார்த்தேன். பிக்சல் சரியாக இருந்தாலும் கோப்பில் டிபிஐ எண் தொலைந்திருந்தால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு அளவு வைக்கும்.

```
magick identify -format "%w %h %x %U" vela.png
```

அதில் 118.11 என்று வந்ததும் ஒரு கணம் பதறினேன். பிஎன்ஜி அந்த எண்ணை அங்குலக் கணக்கில் வைப்பதில்லை, இது சென்டிமீட்டருக்கு. 2.54-ஆல் பெருக்கினால் 300.

கடையில் முதல் பிரிண்ட் 20 ரூபாய். வாங்கியதும் ஸ்டீல் ஸ்கேலை ஸ்கேல் பார் மேல் வைத்தேன். 50 இருக்க வேண்டிய இடத்தில் 48.5 மில்லிமீட்டர். பிரிண்ட் பெட்டியில் `Fit` தேர்வாகி இருந்தது, தாளின் ஓரத்தில் மை போடாத விளிம்புக்காக 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. பாரும் சேர்ந்தே சுருங்குவதால் பாரை வைத்து அளப்பவருக்குப் பாதகமில்லை. ஆனால் எங்கள் மேஸ்திரி பாரைப் பார்ப்பதில்லை, "1:100" என்ற எழுத்தை நம்பி ஸ்கேலை வைப்பவர். அவருக்கு 3.05 மீட்டர் அறை 2.96 ஆகிவிடும், 9 சென்டிமீட்டர் போயே போச்சு. `Actual size` வைத்து மறுபடி எடுத்தோம், 50 மில்லிமீட்டர். ஓரத்து பார்டர் கோட்டின் ஒரு பக்கம் விளிம்பில் கொஞ்சம் வெட்டுப்பட்டது, அதனால் ஒன்றும் குறையில்லை.

மொத்தச் செலவு, ஸ்கேன் 40, வீணான பிரிண்ட் இரண்டு, நல்ல பிரிண்ட் மூன்று, ஆக 140 ரூபாய். நல்ல மூன்றிலும் POOJA-வுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு முக்கோணம் போட்டுத் தேதி எழுதினேன். பிளான்காரர்கள் திருத்தத்துக்கு அப்படித்தான் குறி போடுவார்கள். பழைய நகல்களைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்தாயிற்று.

இன்னொரு முறை இப்படி வந்தால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுப்பேன். 2 பிக்சல் கோடு 4 ஆகும், ஒரு பிக்சல் பிசகு பாதி உறுத்தும். ஸ்கேனரில் தாளை வைக்கும்போதே ஓரத்தோடு ஒட்டி நேராக வைப்பேன். கழித்துப் பார்க்கும் கட்டளையைக் கடைசியில் மட்டும் ஓட்டாமல், துண்டு ஒட்டியதும் ஒரு முறை, எழுத்து ஒட்டியதும் ஒரு முறை ஓட்டுவேன். அந்த மிளகுப் புள்ளி எந்த இரவு விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை.

எலக்ட்ரீஷியன் நேற்று வந்தார். புதிய பிளானைப் பார்த்துவிட்டு, "பூஜை ரூமுக்கு ரெண்டு பாயிண்ட், ஒரு பிளக் போதுமா சார்?" என்று கேட்டார். போதும் என்றேன்.